பருத்திக் காட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் கடை வரை ஒரு சேட்: என்ர கதையில பிழை எங்க?

உப்புவெளி ரீச்சர் | ஞாயிறு, இரவு 8.40

உயர்தர வணிகக்கல்விப் பிள்ளைகளுக்கு வழங்கல் சங்கிலி படிப்பிக்கிறன். அஞ்சு பெட்டியும் நாலு அம்புக்குறியும் கீறிக் குடுத்தா பாடமாக்கி எழுதிப்போட்டு அடுத்த நாள் மறந்திடுவினம். அதால ஒரு சின்னக் கதை எழுதிப் பாத்தன். கதைக்குக் காரணம் எங்கட வீட்டுச் சேட் ஒண்டுதான். பஸ் ஸ்டாண்டடியில ஒரு கடையில இவருக்கு நேவி புளூ முழுக்கைச் சேட் வாங்கினன். ரெண்டாந்தரம் தோய்ச்சுக் காயப்போடேக்க, பொக்கெற்றுக்கு மேல நகத்தளவு நீளத்தில மெல்லிய வெள்ளைக் கோடொண்டு. வாங்கேக்க அது இருக்கேல்ல எண்டு கோணேசர் மேல சத்தியம் பண்ணுவன். அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கொண்டே கதையை எழுதினன். பிள்ளைகளுக்குக் குடுக்க முன்னம் பிழை இருந்தாச் சொல்லுங்கோ.

*பனி காய்ந்த பிறகுதான் பருத்தி எடுக்க வேண்டும். குஜராத்தில் கோண்டல் பக்கத்துக் காடு ஒன்றில் ஒரு பெண் அதற்காகக் காத்திருந்தாள். வெடித்த காயிலிருந்து பஞ்சைப் பிடுங்கி மடியில் போடுவாள். மடி நிறைந்ததும் வரப்பில் கிடந்த பழைய உரச் சாக்கில் கொட்டுவாள்.*

*சாக்கு ஜின்னிங் ஆலைக்குப் போனது. கொட்டை வேறு, பஞ்சு வேறானது. பஞ்சை அமுக்கி 170 கிலோ பேலாகக் கட்டினார்கள். பேல் லொறியேறித் திண்டுக்கல்லுக்கு வந்தது. அங்கே நூலானது. நூல் ஈரோட்டுப் பக்கம் போய்த் துணியானது. துணி சாயப் பட்டறைக்குப் போனது. சாயக்காரன் அன்று அவசரத்தில் இருந்தான். ஒரு மடிப்புக்குள் சாயம் இறங்கவில்லை. அவன் அதைக் கவனிக்கவில்லை.*

*தூத்துக்குடியில் கப்பலேறிய துணி திருகோணமலைத் துறைமுகத்தில் இறங்கியது. பெக்டரியில் நாற்பது கைகள் மாறிச் சேட்டாகியது. பிறகு கடைத் தட்டில் மடிந்து உட்கார்ந்தது. வெள்ளைக் கோடும் கூடவே உட்கார்ந்திருந்தது.*

இவ்வளவுதான். சாயக்காரன்ர பிழையை அவ்வளவு தூரத்தில இருக்கிற நாங்கள் சுமக்கிறம் எண்டதுதான் கருத்து.

கிண்ணியா மச்சான் | ஞாயிறு, இரவு 9.05

அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். அந்த நேவி புளூ என்ன விலைக்கு எடுத்தீங்க? நம்மட தம்பி பெருநாளைக்குச் சின்னக் கடை போடப் போறான், மொத்தமா எடுக்க இடம் தேடுறோம். திண்டுக்கல் பார்ட்டி நம்பர் இருந்தா இன்பொக்ஸில போடுங்க.

உப்புவெளி ரீச்சர் | ஞாயிறு, இரவு 9.11

தம்பி, அது கதை. எனக்குத் திண்டுக்கல்லில ஒருத்தரையும் தெரியாது.

மத்திய வீதி முதலாளி | ஞாயிறு, இரவு 9.50

ரீச்சர், கதை வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ரெண்டு விசயம்.

திருகோணமலைத் துறைமுகத்தில துணிக் கொன்டெய்னர் எங்க இறங்குது? சீனன்குடாப் பக்கம் கோதுமை வருது, சீமெந்துக்குக் கிளிங்கர் வருது, எண்ணெய் வருது. உடுப்புச் சாமான் முழுக்கக் கொழும்புத் துறைமுகம். நான் இருபத்திரண்டு வருசமா இந்தத் தொழில் செய்யிறன். புறக்கோட்டை கெய்சர் வீதியில எடுத்து, பொதி கட்டி லொறியில போட்டா, தம்புள்ள, ஹபரணை, கந்தளாய் தாண்டி விடியக்காலம் இஞ்ச வந்து சேரும். இயற்கைத் துறைமுகம் எண்டு பெருமைப்படலாம், ஆனா சேட் அதால வராது.

மற்றது, அந்தக் கோடு. கோவிக்காதேங்கோ, அது உங்கட வீட்டில நடந்தது. குளோரின் தெறிச்சிருக்கும். வாங்கேக்க இருக்கேல்ல எண்டு நீங்களே சொல்லுறியள். மாசத்தில ரெண்டு பேராவது இப்பிடிச் சேட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வாறவை.

பழைய ஸ்பின்னர் | திங்கள், காலை 6.20

துறைமுக விசயத்தில முதலாளி சொல்லுறது சரி. கோட்டு விசயத்தில பிழை. ரீச்சரும் பிழை. பாவம், சாயக்காரனுக்கு இதில சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

நான் 90இல அகதியாப் போய்த் திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லில பதினாறு வருசம் இருந்தவன். கடைசி ஏழு வருசம் குவாலிட்டியில. ரீச்சர், உங்கட கதையில குற்றவாளி முதல் பந்தியிலயே நிக்கிறான். தெரியாமலே எழுதியிருக்கிறியள்: "பழைய உரச் சாக்கு".

உரச் சாக்கு எண்டா பிளாஸ்டிக் நாடாவால நெய்தது, பொலிபுரொப்பிலீன். பழசானா வெயிலில காஞ்சு ஓரம் பிஞ்சு நார் நாரா வரும். பஞ்சைக் கொட்டி அமுக்கி, திரும்ப அள்ளேக்க ரெண்டு நார் பஞ்சோட போயிடும். இலை, காம்பு, கொட்டைத் துண்டு எண்டா பயமில்லை. அதுகள் பாரம், ஜின்னிங்கிலயும் எங்கட புளோரூமிலயும் அடிச்சு உதற விழுந்திடும். பிளாஸ்டிக் நார் பஞ்சு மாதிரியே லேசு. பஞ்சு போற வழியெல்லாம் தானும் போகும். கார்டிங் மெசினில ஊசிப் பல்லு வைச்ச உருளை அதைப் பஞ்சோட சேத்து வாரி, ஒரு நாரை நூறு நாராக் கிழிச்சு விட்டிடும். அதுக்குப் பிறகு நூலுக்குள்ள முறுக்கின மாதிரி இருந்திடும்.

வெள்ளைப் பஞ்சில வெள்ளை நார், யார் காணுறது? பஞ்சு போற குழாயில கமரா வைச்ச மெசின் இருக்கு. சிவப்புச் சணல் நூல், கறுத்தத் தலைமயிர், நிறச் சீலைத் துண்டு எல்லாத்தையும் டக்கெண்டு பிடிச்சு ஊதித் தள்ளும். வெள்ளைச் சாக்கு நாருக்கு அது குருடு மாதிரித்தான். பிறகு வந்த மெசினில வேற மாதிரி வெளிச்சம் அடிச்சுக் கொஞ்சம் பிடிக்கினம், முழுசா இல்லை. நூலிலயும் தெரியாது, சாயம் போடாத காடாத் துணியிலயும் தெரியாது. சாயத் தொட்டிக்குள்ள போன பிறகுதான் வெளிக்கும். பருத்திக்குப் போடுற சாயம் பருத்தியைத்தான் பிடிக்கும், பிளாஸ்டிக்கைத் திரும்பியும் பாக்காது. துணி முழுக்க நேவி புளூ, அந்த நார் மட்டும் வெள்ளை. கடைசியா நிண்ட சாயக்காரன்ர தலையில பழி.

அதே நூல் வெள்ளைச் சேட்டுக்குப் போயிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. அதால டார்க் நிறத்துக்கு நூல் கேட்டு ஓடர் வந்தா எங்களுக்கு வயித்தைக் கலக்கும்.

மத்திய வீதி முதலாளி | திங்கள், காலை 9.30

அண்ணை, நீங்கள் சொல்லுறது இருக்கலாம். அப்ப வாங்கேக்க ஏன் தெரியேல்ல? ரீச்சர் கண்ணாடி போட்டவ, கடையில லைட் வெளிச்சத்தில விரிச்சுப் பாத்துத்தானே வாங்கியிருப்பா. ரெண்டு தோய்ச்சலுக்குப் பிறகு பிளாஸ்டிக் முளைக்குமோ? குளோரின்தான்.

பழைய ஸ்பின்னர் | திங்கள், காலை 10.02

நியாயமான கேள்வி. எனக்கு அதுக்கு விடை தெரியாது. மில்லோட என்ர அறிவு முடிஞ்சுது.

மூதூர் ஜூக்கி | திங்கள், இரவு 7.45

எனக்குத் தெரியும். நான் கட்டுநாயக்காவில உடுப்புப் பெக்டரியில ஒம்பது வருசம். முதல் மெசின், பிறகு பினிஷிங். இப்ப வீட்டில பிளவுஸ் தைக்கிறன்.

ரீச்சர், அந்தக் கோட்டுக்கு மேல நாங்கள் பேனை அடிச்சிருப்பம்.

சிரிக்காதேங்கோ, உண்மை. பினிஷிங் மேசையில டியூப் லைட்டுக்குக் கீழ சேட்டை விரிப்பம். வெள்ளை நார் வெளிய நீட்டிக்கொண்டு நிண்டா சின்னச் சாவணத்தால மெல்ல இழுத்து எடுக்கலாம். துணி ஓட்டையாகாமல் எடுக்கிறதுக்குப் பழக வேணும், நான் பழகவே மூண்டு மாசம். நூலுக்குள்ள முறுகிப் போயிருந்தா இழுக்கேலாது, இழுத்தா நூலே அறுந்திடும். அதுக்குத்தான் அந்தந்த நிறத்துப் பேனை. நேவிக்கு நேவி, கறுப்புக்குக் கறுப்பு. நுனியால மெல்லத் தொட்டு விட்டா உங்கட கண்ணுக்குத் தெரியாது. பிளாஸ்டிக்கில மை ஊறாது, மேல ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ரெண்டு தோய்ச்சலில போயிடும். முதலாளி, உங்கட கடைக்கு மாசம் ரெண்டு பேர் வாறது இதாலயும் இருக்கலாம்.

ஏன் துணியைத் திருப்பி அனுப்பேல்ல எண்டு கேப்பியள். துணி வந்தா எல்லா ரோலையும் விரிச்சுப் பாக்கிறதில்லை. எங்கட இடத்தில பத்துக்கு ஒண்டுதான் மெசினில ஓட்டிப் பாப்பினம். அந்த ஒண்டு நல்லா இருந்தா மற்றதெல்லாம் நேரா கட்டிங் மேசைக்கு. வெட்டின பிறகு கோடு கண்டா அந்தத் துணி எங்கட துணி, திருப்பேலாது. புதுத் துணி கேட்டு அனுப்பினா நெய்து, சாயம் போட்டு, கப்பலில வரக் கிழமைக்கணக்காகும். வெளிநாட்டுக்காரனுக்குக் கப்பல் ஏத்த வேண்டிய திகதி முதலே எழுதியாச்சு. அந்தத் திகதிதான் எங்களுக்குக் கடவுள். அப்ப என்ன செய்யிறது, பேனைதான்.

உப்புவெளி ரீச்சர் | திங்கள், இரவு 8.30

தங்கச்சி, இதை வாசிச்சிட்டு ஓடிப்போய்ச் சேட்டை எடுத்துப் பாத்தன். அப்ப இது வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சேட்டா? கழுத்தில லேபிள் பாதியில வெட்டியிருக்கு. நான் கடைக்காரர் வெட்டினதெண்டு நினைச்சன். உள்ளுக்குத் தையலோரத்தில அரிசியளவு ஸ்டிக்கரொண்டும் ஒட்டியிருக்கு, "37" எண்டு. அதென்ன?

மூதூர் ஜூக்கி | திங்கள், இரவு 9.10

லேபிள் வெட்டியிருந்தா ரிஜெக்ட்தான். பெயர் தெரியக்கூடாதெண்டு வெட்டித்தான் வெளிய விடுவினம். புறக்கோட்டை யாவாரி மொத்தமா எடுப்பார்.

37 நல்ல கதை. துணியை ஒண்டுக்கு மேல ஒண்டா விரிச்சு, அடுக்காக்கித்தான் வெட்டுறது. 37ஆவது அடுக்கில இருந்து வந்த கழுத்து, கை, முன்பக்கம், பின்பக்கம் எல்லாத்திலயும் 37 எண்டு ஒட்டுவம். ஒரே நேவி புளூ எண்டு உங்களுக்குத் தெரியும், ஆனா ஒரு ரோல் மற்ற ரோல் மாதிரி இராது. 37ன்ர உடம்புக்கு 52ன்ர கையைத் தைச்சா வெயிலில போய் நிண்டாத் தெரியும், கை வேற நிறம். ஒருக்கா எங்கட லைனில ஒருத்தி கட்டைத் தவறிப் போட்டு, கழுத்தெல்லாம் மாறிப்போச்சு. ராவிராவா இருந்து பிரிச்சுத் தைச்சம். சேட்டுக்குள்ள அந்த ஸ்டிக்கரைக் கண்டா எனக்கு இப்பவும் நெஞ்சு திக்கெண்டும்.

கதையில "நாற்பது கைகள்" எண்டு எழுதினது ஏறத்தாழச் சரி. ஒரு சேட்டுக்கு எல்லாரின்ர வேலையும் சேத்து இருபத்திரண்டு நிமிசம் எண்டு எங்களுக்குக் கணக்குப் போட்டவை. நாற்பது பேர், எட்டு மணித்தியாலம். கணக்குப்படி 870 சேட் வர வேணும். நல்ல நாளில 520 வரும். மிச்சம் எங்க எண்டுதான் சூப்பவைசர் நாள் முழுக்கக் கத்துறது.

2026 ஏ.எல் | திங்கள், இரவு 9.40

மிஸ் இது பரீட்சைக்கு வருமா? அம்புக்குறி எந்தப் பக்கம் போடுறது? காட்டில இருந்து கடைக்கா, கடையில இருந்து காட்டுக்கா? அக்கா சொல்லுறதைப் பாத்தா திகதி முதல் வருது, சேட் பிறகு வருது.

உப்புவெளி ரீச்சர் | திங்கள், இரவு 9.48

சாமான் ஒரு பக்கம், ஓடர் மற்றப் பக்கம். ரெண்டு அம்புக்குறியும் போடு. இப்ப படுத்துத் தூங்கு.

பழைய ஸ்பின்னர் | செவ்வாய், காலை 6.05

பேனை விசயம் எனக்கே புதுசு. பதினாறு வருசம் அந்த நாருக்காகத் திட்டு வாங்கினன், கடைசியில அதை ஒரு பிள்ளை பேனையால மறைச்சிருக்கு.

ரீச்சர், முதலாளி குளோரினெண்டு நிக்கிறார். நீங்களே பாக்கலாம். குளோரின் பட்ட இடம் துளி மாதிரி, ஓரம் மங்கி, நேவி எண்டா அனேகமாச் செம்மை கலந்து வெளிறும். நூல் நிறம் மாறியிருக்கும், ஆனா நூல் அதே நூல்தான். சாக்கு நார் எண்டா மயிர் மாதிரிக் கூராத் தெரியும், ஒரு நூலின்ர போக்கிலயே ஓடும். இன்னொண்டும் இருக்கு. முத்தாத காயின்ர பஞ்சும் சாயம் பிடிக்காது, ஆனா அது கோடா வராது, புள்ளி புள்ளியா உளுந்துத் தவிடு தூவின மாதிரி வரும்.

சந்தேகமெண்டா ஊசியால ஒரு நாரைக் கிளப்பி, சாவணத்தால எடுத்து நெருப்புக்குக் கிட்டப் பிடியுங்கோ. பருத்தி கடதாசி மாதிரி எரிஞ்சு சாம்பலாகும். பிளாஸ்டிக் சுருண்டு உருகி, ஆறினாக் கடுகு மாதிரிக் கட்டியாகும். சேட்டை தூரத்தில வைச்சிட்டுச் செய்யுங்கோ.

உப்புவெளி ரீச்சர் | செவ்வாய், மாலை 5.20

செய்தன். சாமி விளக்கடியில, இவர் தலையில கைவைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்க. ஊசி நுனியால கிளப்பினது ரெண்டு நார், புருவ மயிரை விட மெல்லிசு. நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோக முன்னமே சூட்டுக்குச் சுருண்டுது. எரியேல்ல. சாவண நுனியில மணல் மாதிரி ஒரு கட்டி, நகத்தால அமத்தினன், உடையேல்ல. பக்கத்து நேவி நூலில ஒரு துளி எடுத்துப் பிடிச்சன். அது பத்திச் சாம்பலாப் போச்சு, கடதாசி மணம்.

சாயக்காரனிட்ட மன்னிப்புக் கேக்கிறன். அப்ப கதையில அந்தப் பெண்ணைத்தான் குற்றவாளியாக்க வேணுமா? மனம் வரேல்ல.

பழைய ஸ்பின்னர் | செவ்வாய், இரவு 8.15

ஆக்காதேங்கோ. அது நியாயமுமில்லை, உண்மையுமில்லை.

ஒரு சேட் ஒரு காட்டில இருந்து வாறதில்லை. கணக்குப் பாப்பம். தைச்ச சேட் 230 கிராம் அளவில எண்டு வையுங்கோ. கட்டிங் வெட்டுத் துண்டையும் சேத்தா 270 கிராம் துணி. நல்ல நூல் எண்டா வாரிக் கழிக்கிறது நிறைய, அதால 360 கிராம் பஞ்சு வேணும். கொட்டையோட பருத்தி எண்டா மூண்டில ஒரு பங்குதான் பஞ்சு. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஒரு காயில நாலு கிராம் எண்டா இருநூற்றெழுபது காய். ஒரு பெண் ஒரு காலையில பிடுங்கிறதில சின்னப் பங்குதான்.

ஆனா அந்த இருநூற்றெழுபது காயும் ஒண்டையொண்டு தெரியாதவை. ஜின்னிங்கில பல பேரின்ர பருத்தி ஒரு குவியலாகும். மில்லில நாங்கள் நாற்பது பேலை வரிசையா உடைச்சு வைப்பம். மேல ஓடுற மெசின் ஒவ்வொண்டிலயும் ஒரு சீவல் சீவிக் கலக்கும், நூல் ஒரே மாதிரி வரோணும் எண்டதுக்காக. அந்தக் கலவையாலதான் துணி நல்லாயிருக்குது, அந்தக் கலவையாலதான் நார் எந்தச் சாக்கில இருந்து வந்ததெண்டும் ஒருக்காலும் கண்டுபிடிக்கேலாது. 170 கிலோ பேலில சில கிராம் நார் போதும், எத்தினையோ ஆயிரம் மீற்றரில சிதறிப்போகும்.

அந்தப் பெண்ணுக்கு நிறைக்குத்தான் காசு. துணிச் சாக்கு விலை, உரச் சாக்கு சும்மா கிடைக்கிறது. சாக்கு மாத்தினா அவளுக்கு ஒரு சதமும் கூடாது. பேனை அடிக்கிற பிள்ளைக்குச் சம்பளம் குடுக்கிறது யாரோ, அவருக்கும் அவளுக்கும் நடுவில ஏழெட்டுக் கை. எங்கட மில் முதலாளி ஒருக்கா ஜின்னிங்காரனோட சண்டைக்குப் போனவர். அவன் "பஞ்சு வேணுமா வேணாமா" எண்டு கேட்டான். அந்த வருசம் பஞ்சுக்குத் தட்டுப்பாடு. திரும்பி வந்திட்டார். பிறகு புளோரூமில பத்துப் பெண்களை இருத்திக் கையால பொறுக்க வைச்சம், அதுதான் செய்ய முடிஞ்சது.

மூதூர் ஜூக்கி | செவ்வாய், இரவு 8.50

எங்கட பக்கம் அந்தக் காசு யாரின்ர தலையில விடியும் எண்டதும் அப்பிடித்தான். ஆறாயிரம் சேட் ஓடரில வாங்கிறவரின்ர ஆள் வந்து இருநூறை இழுத்துப் பாப்பார். பத்துப் பிழை வரைக்கும் பாஸ். பதினொண்டு எண்டா எல்லாத்தையும் திரும்பப் பிரிச்சுப் பாருங்கோ எண்டு போயிடுவார். அண்டைக்கு ராவிராவா நாங்கள்தான். பெக்டரிக்காரர் துணிக்காரரிட்ட காசு வெட்டுவினம், துணிக்காரர் நூல்காரரிட்ட வெட்டுவினமாம். மேல போகப் போக ஆர் ஒத்துக்கொள்ளுவினம்?

பழைய ஸ்பின்னர் | செவ்வாய், இரவு 9.00

எங்களிட்ட வெட்டுவினம். நாங்கள் வெட்டுறதுக்கு ஆளில்லை. ஆனா துணிக்காரர் சில வேளை தங்கட தறியடியில விழுந்த சாக்கு நாரையும் எங்கட தலையில கட்டுறவை, அதையும் சொல்ல வேணும்.

மத்திய வீதி முதலாளி | செவ்வாய், இரவு 9.25

அது உங்கட பக்கக் கதை அண்ணை. எனக்குப் பொதியில இருபது சேட் கோடு போட்டு வந்தா யாரிட்ட வெட்டுறது? கெய்சர் வீதியில ரிஜெக்ட் எண்டு சொல்லித்தான் தாறான், வாயைத் திறக்கேலாது.

உப்புவெளி ரீச்சர் | புதன், இரவு 7.30

நடுப்பகுதியை மாத்தி எழுதினன்.

*சாக்கின் ஓரம் பிய்ந்திருந்தது. அவள் கவனித்தாள். வேறு சாக்கு இல்லை.*

*பேல்கள் நாற்பதும் திண்டுக்கல்லில் வரிசையாக நின்றன. மெசின் ஒவ்வொன்றிலும் ஒரு சீவல் எடுத்தது. அதற்குப் பிறகு அவளுடைய பஞ்சு என்று ஒன்று இல்லை. நார் மட்டும் நாராகவே இருந்தது. நூலில் யாரும் காணவில்லை. காடாத் துணியில் யாரும் காணவில்லை. நீலத் தொட்டியிலிருந்து துணி வெளியே வந்தபோது அது முதன்முறையாகக் கண்ணில் பட்டது.*

*கொழும்பில் இறங்கிய துணி கட்டுநாயக்காவுக்குப் போனது. 37 என்ற ஸ்டிக்கரோடு சேட்டாகியது. டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு பிள்ளை குனிந்து, பேனை நுனியால் அந்தக் கோட்டை ஒருமுறை தொட்டாள். மை காயும் வரை ஊதினாள்.*

"அவளுடைய பஞ்சு என்று ஒன்று இல்லை" எண்டா, கதையில அந்த ஒரு பெண் எதுக்கு எண்டு இவர் கேக்கிறார். நாற்பது காட்டில நாற்பது பேரை வைச்சா பிள்ளைகள் வாசிக்காதுகள். ஒருத்தியை வைச்சாப் பொய். எனக்கு இன்னும் முடிவில்லை.

மூதூர் ஜூக்கி | புதன், இரவு 7.52

அவளை விடுங்கோ ரீச்சர், இருக்கட்டும். ஆனா நாங்கள் ஊதுறதில்லை. ஊத நேரமில்லை. அடுத்த சேட் வந்திடும்.

கிண்ணியா மச்சான் | புதன், இரவு 8.03

முழுக்க வாசிச்சேன் டீச்சர். தம்பிக்கிட்ட சொல்லிட்டேன், நேவி வேணாம், வெள்ளையே எடு எண்டு.

பழைய ஸ்பின்னர் | புதன், இரவு 8.10

தம்பி, வெள்ளையில சாக்கு நார் தெரியாதுதான். ஆனா சிவப்புச் சணல் நூல் தெரியும்.

மத்திய வீதி முதலாளி | புதன், இரவு 8.40

ரீச்சர், சேட் எங்கட கடையில வாங்கினதில்லை, தெரியும். இருந்தாலும் கொண்டு வாங்கோ, நேவியில ஒண்டு மாத்தித் தாறன். விரிச்சு, வெளிச்சத்தில பாத்து எடுங்கோ. ரெண்டு தோய்ச்சலுக்குப் பிறகு என்னட்ட வரக்கூடாது.